நற்கருணைப் பேழை எப்படி கெட்ட வார்த்தை ஆச்சு?

கேள்வி: அக்கா வணக்கம். நான் ஆறு மாசமா சப்டைட்டில் வேலை பாக்குறேன். இப்ப கையில கனடா கியூபெக் படம் ஒண்ணு இருக்கு. ஹீரோ கோவம் வந்தா 'தபர்நாக்', 'காலிஸ்', 'ஓஸ்தி'ன்னு கத்துறான். டிக்‌ஷனரில பாத்தா சர்ச்ல இருக்குற பேழை, கிண்ணம், அப்பம்னு போட்டிருக்கு. நானும் அப்படியே போட்டு அனுப்பிட்டேன். 'இதெல்லாம் கெட்ட வார்த்தை, மாத்துங்க'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. பேழையில என்னக்கா அசிங்கம் இருக்கு? இதுக்கு தமிழ்ல என்னதான் போடுறது? — மதுரையிலிருந்து ஒரு தம்பி

பதில்:

தம்பி, டிக்‌ஷனரி சொன்னது சரிதான். தபர்நாக்னா பேழை, காலிஸ்னா பூசையில திராட்சை ரசம் ஊத்துற கிண்ணம், ஓஸ்தின்னா நற்கருணை அப்பம். ஆனா டிக்‌ஷனரி அந்த சொல்லு எந்தப் பொருளைக் குறிக்குதுன்னு மட்டும்தான் சொல்லும், அந்த சொல்லை வீட்ல சத்தமா சொன்னா வாயில அடி விழுமா விழாதாங்கறதை சொல்லாது, கெட்ட வார்த்தைங்கறது முழுக்க அந்த ரெண்டாவது விஷயத்துலதான் இருக்கு.

இதுக்கு கியூபெக் வரைக்கும்கூட போக வேண்டாம், நம்ம 'மயிர்'ங்கிற சொல்லையே எடுத்துக்கோங்க. குறள் 969ல கவரிமா பத்தி சொல்ற இடத்துல அந்த சொல்லு வருது, ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணி டீச்சர் முன்னாடி சத்தமா ஒப்பிச்சோம், யாரும் முகம் சுளிக்கல. பேப்பர்ல 'மயிரிழையில் உயிர் தப்பினார்'னு தினமும் வருது. அதே சொல்லை தெருவுல 'மசுரு'ன்னு சொன்னா சண்டை வரும். அதையே 'முடி'ன்னு சொன்னா ஒண்ணுமே இல்ல. பொருள் மூணுலயும் ஒண்ணுதான், தலையில வளர்றதுதான். இப்ப காலேஜ் பசங்க 'என்ன ஹேருக்குடா வந்த'ன்னு பேசிக்கிறாங்க பாத்தீங்களா? அவங்க செய்யிறது உங்க கேள்விக்கு நேரடி பதில். கெட்ட வார்த்தையை இங்கிலீஷ்ல நேரடியா மொழிபெயர்த்துட்டாங்க, உடனே அதோட காரம் பாதிக்கு மேல எறங்கிடுச்சு, அதனாலதான் அம்மா பக்கத்துல இருக்கும்போதும் அதை சொல்ல முடியுது. காரம் பொருள்ல இருந்திருந்தா ஹேருலயும் அதே காரம் இருந்திருக்கணும்.

சரி, பேழைக்கு வருவோம். கத்தோலிக்க கோயிலுக்கு போயிருந்தீங்கன்னா பீடத்துக்கு பக்கத்துல பூட்டு போட்ட ஒரு சின்ன பெட்டி இருக்கும், பக்கத்துலயே ஒரு விளக்கு எரிஞ்சுட்டே இருக்கும். பூசையில மந்திரிச்ச அப்பம் அதுக்குள்ளதான் இருக்கும், அது கிறிஸ்துவோட உடம்பேதான்னு நம்பிக்கை, அதனால அந்தப் பெட்டியை கண்டவங்க திறக்க மாட்டாங்க, முன்னாடி போகும்போது முழங்கால் போட்டுட்டு போவாங்க. அதுக்கு தமிழ்க் கத்தோலிக்கர் சொல்றதுதான் நற்கருணைப் பேழை. இவ்வளவு பயபக்தியோட வச்சிருக்கிற ஒரு பொருளோட பேரை, சுத்தியல் விரல்ல பட்டதுக்கு கத்துறது கடவுள் பேரை வீணா சொல்ற பாவம், பத்துக் கட்டளையிலயே தடுத்திருக்குற பாவம்.

இந்த நம்பிக்கை உலகத்துல எல்லா கத்தோலிக்கருக்கும் உண்டு, ஆனா எல்லா ஊர்லயும் பேழை கெட்ட வார்த்தை ஆகல. பிரான்ஸ்ல ஆகல. கியூபெக்ல பேசுற அதே பிரெஞ்ச் மொழிதான், ஆனா பாரிஸ்ல ஒருத்தர் கோவத்துல கத்தினா வர்றது படுக்கையறை சொல்லோ கக்கூஸ் சொல்லோதான், அவர்கிட்ட தபர்நாக்னு சொன்னா கோயில் சாமான் பேரைத்தான் நினைப்பார். தலைகீழாவும் நடக்கும், பிரான்ஸ்ல 'கோஸ்'னா புள்ளைங்க, 'என் கோஸ் ரெண்டும் ஸ்கூலுக்கு போகுது'ன்னு ஒரு அம்மா சாதாரணமா சொல்லும், கியூபெக்ல கோஸ்னா ஆணோட விதை. ஒரே மொழிக்குள்ளயே இப்படின்னா ரெண்டு மொழிக்கு நடுவுல கேக்கவே வேணாம்.

கியூபெக்ல மட்டும் ஏன் இப்படின்னா அங்க சர்ச் எவ்வளவு தூரம் வீட்டுக்குள்ள இருந்துச்சுன்னு தெரியணும். 1837, 1838ல அங்க பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து நடந்த கிளர்ச்சி தோத்துப் போச்சு, அதுக்கப்புறம் நூறு வருசத்துக்கு மேல பிரெஞ்ச் பேசுற ஜனங்களோட வாழ்க்கை பூரா சர்ச் கையிலதான். பள்ளிக்கூடம் சர்ச்சோடது, ஆஸ்பத்திரி சர்ச்சோடது, பிறந்த பதிவே ஞானஸ்நானப் பதிவேடுதான். அடுத்த புள்ள எப்பன்னு பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்து கேட்ட கதையை அங்க பாட்டிமார் இன்னும் சொல்லுவாங்க. எங்க அதிகாரம் கெட்டியா உக்காந்திருக்கோ அங்கதான் தடையும் கெட்டியா இருக்கும், எங்க தடை கெட்டியா இருக்கோ கோவம் வந்தா வாய் அதைத்தான் தேடிப் போகும். காட்டுல மரம் வெட்டப் போன ஆம்பளைங்க கேம்ப்ல, சாமியாரும் பொண்டாட்டியும் இல்லாத இடத்துல, இந்த சொல்லுங்க நல்லா முத்திப் போச்சுன்னு சொல்லுவாங்க. இப்படித் திட்டுறதுக்கு அங்க 'சாக்ரே'ன்னு ஒரு வினைச்சொல்லே இருக்கு, அதே சொல்லுக்கு பொதுவான பிரெஞ்ச்ல திருநிலைப்படுத்துறது, முடிசூட்டுறதுன்னு அர்த்தம்.

1960க்கு அப்புறம் இதெல்லாம் கிடுகிடுன்னு மாறிடுச்சு. அந்த மாற்றத்தை 'அமைதிப் புரட்சி'ன்னு சொல்றாங்க. ஸ்கூலும் ஆஸ்பத்திரியும் அரசாங்கத்துக்கு வந்துடுச்சு, கோயிலுக்குப் போற கூட்டம் சரிஞ்சு போச்சு. அப்ப திட்டும் செத்துப் போயிருக்கணுமே? போகல. இன்னைக்கு கியூபெக்ல இருபது வயசுப் பையன் ஒருத்தன் வாழ்க்கையில பேழையைப் பாத்திருக்க மாட்டான், ஆனா தபர்நாக்தான் அவனுக்கு இருக்குறதுலயே காரமான சொல்லு. 2006ல மான்ட்ரியால் கத்தோலிக்க சர்ச்சே பெரிய பெரிய விளம்பரப் பலகை வச்சு, இந்த திட்டு சொல்லுங்களை பெருசா எழுதி, கீழ அதோட உண்மையான அர்த்தத்தை போட்டாங்க. ஜனங்களுக்கு அர்த்தமே மறந்து போச்சுன்னு சர்ச்சுக்கே தெரிஞ்சிருந்துச்சு. அர்த்தம் மறந்த பிறகும் காரம் மிச்சம் இருக்கு பாருங்க, ஏன்னா அந்த காரத்தை ஒவ்வொரு புள்ளையும் கோயில்ல கத்துக்கல, 'அந்த வார்த்தையை சொல்லாத'ன்னு அம்மா அதட்டின அந்த நொடியில கத்துக்கிட்டான்.

இதை ஆராய்ச்சி பண்ணியும் பாத்திருக்காங்க. துருக்கி மொழி தாய்மொழியா இருந்து பின்னாடி இங்கிலீஷ் கத்துக்கிட்டவங்களோட விரல்ல கருவி மாட்டி, ரெண்டு மொழியிலயும் சொற்களைக் காட்டியும் கேக்க வச்சும் தோல்ல லேசா வேர்க்குறதை அளந்தாங்க, 2003ல வெளிவந்துச்சு. கெட்ட வார்த்தைக்கு தாய்மொழியில அதிகமா வேர்த்துச்சு, அதைவிட கவனிக்க வேண்டியது, 'வெக்கமா இல்ல உனக்கு'ங்கிற மாதிரி சின்ன வயசுல பெரியவங்க அதட்டுற வாக்கியங்களுக்கு தாய்மொழியில நல்லா வேர்த்துச்சு, அதையே இங்கிலீஷ்ல கேட்டப்ப அந்த அளவுக்கு இல்ல. அர்த்தம் ரெண்டுலயும் நல்லாவே புரிஞ்சுது, ஆனா உடம்புக்கு ஒண்ணுதான் உறைச்சுது.

மான்ட்ரியால்ல இருக்குற ஒரு யாழ்ப்பாணத்து அக்காவோட நான் ஒரு படத்துக்கு சேந்து வேலை பாத்தேன், அவங்க தன் மகன் கதையை சொன்னாங்க. பையன் ஏழு வயசுல ஸ்கூல்ல இருந்து தபர்நாக்கை கத்துக்கிட்டு வந்து வீட்ல விளையாடும்போது எல்லாம் கத்திட்டு இருந்திருக்கான், அக்காவும் அது ஏதோ கோயில் சாமான்னு கண்டுக்கல. ஒரு நாள் லிஃப்ட்ல பக்கத்து வீட்டு பிரெஞ்ச் பாட்டி முன்னாடி கத்தியிருக்கான். 'அந்த மனுசியின்ர முகம் அப்பிடியே வெளிறிப் போச்சு, எனக்கெண்டால் ஒண்டும் விளங்கேல்ல'ன்னு சொன்னாங்க. அன்னைக்குத்தான் அது கெட்ட வார்த்தைன்னு அவங்களுக்கு தெரிஞ்சுது, ஆனா இன்னைக்கு வரைக்கும் அந்த சொல்லு காதுல விழுந்தா தனக்கு எதுவும் ஆகலைன்னும் சொன்னாங்க. அதே அக்காதான் 'தலைமயிர் வெட்டப் போறன்' னு என்கிட்ட போன்ல சாதாரணமா சொன்னப்ப நான் ஒரு செகண்ட் திகைச்சுட்டேன். அவங்க ஊர்ல அது வெறும் முடி. கியூபெக்குக்கும் பிரான்சுக்கும் நடுவுல இருக்குறது நம்ம கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அப்படியே இருக்கு.

இனி வேலைக்கு வருவோம். தமிழ்ல என்ன போடுறதுன்னு கேட்டீங்க, ஒரே ஒரு சொல்லு கிடையாது. அந்த சொல்லு அந்த இடத்துல என்ன வேலை செய்யுது, எவ்வளவு காரம், யார் காதுல விழுது, இந்த மூணையும் பாத்துட்டுத்தான் போடணும். ஒரு சீனை எடுத்துக்கோங்க, ஜனவரி மாசம், பனி கொட்டுது, ஒருத்தன் ரோட்டோரம் டயர் மாத்துறான், பக்கத்துல மச்சான் நிக்கிறான், கார்ல அம்மா உக்காந்திருக்காங்க.

அவன் முதல்ல சொல்றான், 'ஓஸ்தி க்யு சே ஃப்ரெத்'. ஃப்ரெத்னா அங்க கடுங்குளிர். இங்க ஓஸ்தி யாரையும் திட்டல, குளிரைக் கூட்டிக் காட்டத்தான் வந்திருக்கு. தமிழ்ல 'என்ன எழவு குளிருடா இது!' போதும். நம்ம எழவையும் நல்லா யோசிச்சுப் பாருங்க, அது சாவு வீட்டு சொல்லு. சின்ன வயசுல ஒரு கல்யாண வீட்ல பந்தியில தண்ணி கொட்டிடுச்சுன்னு நான் 'என்ன எழவு'ன்னு சொல்லிட்டேன், எங்க ஆச்சி வாயிலயே ஒரு போடு போட்டாங்க, தண்ணி கொட்டினதுக்கு இல்ல, மங்கள காரியத்துல அந்த சொல்லை எடுத்ததுக்கு. கருமம், சனியன், எழவு, கட்டையில போறவன், இதெல்லாம் நம்ம ஊர்ல அமங்கலத்துல இருந்து வந்த திட்டு. அங்க புனிதத்தை தெருவுக்கு இழுத்தா குத்தம், இங்க சாவை வீட்டுக்குள்ள இழுத்தா குத்தம். அதனாலதான் சர்ச் திட்டுக்கு நம்ம மொழியில ரொம்ப பக்கத்துல உக்கார்றது இந்த வகைன்னு நான் நினைக்கிறேன், ஆனா காரம் கொஞ்சம் கம்மி, அதை மறந்துடக்கூடாது.

அடுத்து ஸ்பேனர் வழுக்கி விரல்ல படுது, 'தபர்நாக்!'. இது முழுக் காரம். இங்க வெறும் எழவு பத்தாது. 'இந்த மசுரு ஸ்பேனர் வேற!' போடலாம். சென்னைப் பசங்க சொல்ற 'த்தா' காரத்துக்கு சரியா வரும், ஆனா அதைப் போட்டா ஆளு உடனே சென்னைக்காரன் ஆயிடுவான், அதனால நான் தவிர்ப்பேன். வண்டியைப் பாத்து மூணையும் சேத்து 'ஓஸ்தி த காலிஸ் த தபர்நாக்'னு கோத்து சொல்லுவான், நடுவுல வர்ற 'த' வெறும் கோக்குற கயிறு. தமிழ்லயும் கோக்கலாம், 'எழவெடுத்த சனியன் புடிச்ச மசுரு வண்டி!'. மூணையும் தனித்தனியா மொழிபெயர்க்கத் தேவையில்ல, நீளம் ஏறுற ஏற்றம் தெரிஞ்சா போதும்.

மச்சான் ஏதோ சமாதானம் சொல்றான், இவன் 'ஜ மான் காலிஸ்'ங்கறான். காலிஸ் இங்க வினைச்சொல் ஆயிடுச்சு, எனக்கு அதைப் பத்தி கவலையே இல்லன்னு அர்த்தம், நம்மகிட்ட அச்சு அசலா 'எனக்கென்ன மயிரா போச்சு' இருக்கு. அப்புறம் 'தெக்ரிஸ்!'ன்னு கத்துறான். கிறிஸ்து பேர்ல இருந்து வந்த வினை, இங்கிருந்து ஓடுன்னு அர்த்தம், 'பொத்திக்கிட்டு போடா!' சரியா இருக்கும். மச்சான் போன்ல இன்னொருத்தன்கிட்ட 'இல் ஏ ஆன் தபர்நாக்'னு சொல்றான், இது திட்டே இல்ல, 'அவன் செம காண்டுல இருக்கான்', அவ்வளவுதான்.

இப்ப கார்ல இருக்குற அம்மா கண்ணாடியை இறக்கி 'தபர்நூஷ்!'ங்கறாங்க. இதுல நிறைய பேர் தப்பு பண்ணிடுறாங்க, தபர்நாக் மாதிரியே கேக்குதுன்னு அதே காரத்தைப் போட்டுடுவாங்க. சொல்லோட வாலைத் திருப்பி பல்லைப் புடுங்கின வடிவம் அது, மரியாதையானவங்க சொல்றது, 'தபரூவெத்'தும் அப்படித்தான், காலிஸுக்கு 'காலின்'. நம்ம ஹேரு மாதிரி. அம்மா வாயில 'அட கருமமே!' தான் வரணும். மகனுக்கும் அம்மாவுக்கும் நடுவுல இருக்குற இந்த வித்தியாசம் போச்சுன்னா பாத்திரமே போச்சு.

ரெண்டு விஷயம் கவனமா இருங்க. ஒண்ணு, காரம் வேணும்னு அம்மாவை இழுக்குற நம்ம ஊர் வார்த்தைக்கு போயிடாதீங்க. நான் ஆரம்பத்துல ஒரு படத்துல தபர்நாக்குக்கு அப்படி போட்டுட்டேன், அந்த யாழ்ப்பாணத்து அக்காதான் நிறுத்தினாங்க. தபர்நாக் யாரையும் நோக்கி எறியிற சொல்லு இல்ல, காத்துல எறியிறது, அதுக்கு எதிர்ல நிக்கிறவன் கோவப்படத் தேவையில்ல. நம்ம அந்த சொல்லு ஒரு ஆளோட தாயைக் குறி வைக்கும், அதைக் கேட்டுட்டு சும்மா நிக்கிற மச்சான் தமிழ் பாக்குறவங்க கண்ணுக்கு ரோசமில்லாதவனா தெரிவான். கதையில இல்லாத ஒரு அவமானத்தை நாம உள்ள வச்சிடுறோம். அதோட காதுல கேக்குறதைவிட எழுத்துல பாக்கும்போது கெட்ட வார்த்தை கடுமையா தெரியும், அதனால ஒரு படி இறக்கியே போடுங்க, பத்து இடத்துல கத்தினா பத்துலயும் போட வேண்டாம், குரலே சொல்லிடும்.

இன்னொண்ணு, பேசாம ஒலியை அப்படியே தமிழ் எழுத்துல போட்டா என்னன்னு தோணும். ஓஸ்தின்னு போட்டீங்கன்னா நம்மாளுங்க அதை ஒஸ்தின்னு, உசத்தின்னு படிப்பாங்க. வேணாம்.

எல்லா இடத்துலயும் கண்ணை மூடிக்கிட்டு மாத்திடவும் கூடாது. கியூபெக்காரங்க காதுல இது ரெண்டு சொல்லு. கோயில்ல சாமியார் சொல்றது 'தபெர்நாக்ல்', நடுவுல 'பெர்', கடைசியில 'ல்' லேசா கேக்கும். தெருவுல 'தபர்நாக்', 'பர்'னு விரிஞ்சு 'நாக்'னு வெட்டி நிக்கும், பழைய நாட்டுப்புற உச்சரிப்பு அது. நமக்கு மயிரும் மசுரும் பிரிஞ்ச மாதிரியே பிரிஞ்சிருக்கு. உங்க படத்துல பாட்டி சாவு பூசை சீன் ஏதாவது இருந்தா ஹெட்போன் போட்டு அந்த உச்சரிப்பைக் கேளுங்க, 'பெர்'னு கேட்டா அங்க நீங்க முதல்ல போட்ட 'நற்கருணைப் பேழை'யே இருக்கட்டும், அந்த வரியை மட்டும் ஏன் மாத்தலைன்னு ஃபைலோட ஒரு குறிப்பு எழுதி அனுப்பிடுங்க.